3,499 ரூபாய்க்கு அந்த மிக்ஸியை யாருமே வாங்க முடியாது

ஆன்லைன் கடைகள் கூடுதல் கட்டணம் வாங்குவதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. பொருளைப் பொட்டலம் கட்ட ஆள் வேணும், வண்டி வேணும், வண்டிக்கு டீசல் வேணும். காசு கேட்கட்டும். என் புகார், அதை எப்போது சொல்கிறார்கள் என்பதைப் பற்றி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரே கேள்விதான்: விலையின் எந்தப் பகுதியை எந்தத் திரையில் காட்டுகிறார்கள், அதைப் பற்றி நம்ம சட்டம் என்ன சொல்கிறது, எங்கே வாயை மூடிக்கொள்கிறது.

முதலில் கணக்கு. திருமங்கலத்தில் இருக்கும் சித்திக்கு ஒரு மிக்ஸி அனுப்பணும். ஒரு ஆன்லைன் தளத்தில் (பெயர் வேண்டாம், எல்லாத் தளமும் கிட்டத்தட்ட இப்படித்தான்) தேடல் பட்டியலில் விலை 3,499 ரூபாய். பொருளின் தனிப் பக்கத்திலும் அதே 3,499. சித்தியின் முகவரியை முன்பே சேமித்து வைத்திருந்தேன். எந்தப் பின்கோடுக்குப் போகப் போகுது என்று தளத்துக்குத் தெரியும். கூடையில் போட்டேன், அப்பவும் 3,499. பணம் கட்டும் பக்கத்துக்குப் போன பிறகுதான் வரிசையாக இறங்க ஆரம்பித்தது. தளக் கட்டணம் 9. கையாளும் கட்டணம் 59. 'பாதுகாப்பு உறுதி' என்று ஒன்று 29. அதை நீக்க எந்தக் கட்டமும் இல்லை. டெலிவரி 80. பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கிறேன் என்றால் இன்னும் 40. மொத்தம் 3,716.

நியாயமாகப் பார்த்தால் அந்த 40 ரூபாய் நம் விருப்பம். யுபிஐயில் கட்டினால் தப்பிக்கலாம். மற்ற 177 ரூபாயிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. ஆக அந்த மிக்ஸியின் உண்மையான விலை, சித்தி வீட்டு வாசலில், 3,676 ரூபாய். 3,499 என்பது யாராலும் கொடுத்து வாங்க முடியாத ஒரு எண்.

அதே மிக்ஸியை மேலமாசி வீதியில் ஒரு கடையில் கேட்டேன். "மூவாயிரத்து அறநூறு வருதுண்ணே. திருமங்கலம்னா பஸ்ல போட்டு விட்டுர்றேன், அதுக்கு அம்பது ரூவா தனி" என்றார். மொத்தம் 3,650. கவனியுங்க, இவரும் டெலிவரிக்குத் தனியாகத்தான் காசு கேட்கிறார். ஆனா விலை சொன்ன அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். தளத்தின் முதல் எண்ணோடு ஒப்பிட்டால் கடைக்காரர் 151 ரூபாய் கூடுதல். கடைசி எண்ணோடு ஒப்பிட்டால் 26 ரூபாய் குறைவு. எந்த எண்ணை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதிலேயே யாருக்கு வியாபாரம் என்பது மாறிப்போகிறது. இதில் எனக்குப் போன காசு சின்னது. உண்மையை முதலிலேயே சொன்ன கடைக்காரருக்குப் போன வியாபாரம் பெரிது.

"கடைசியில் காட்டினாங்கல்ல, வேண்டாம்னா விட்டுட்டு வர வேண்டியதுதானே" என்று சொல்லலாம். விட்டுட்டு வருவதில்லை என்பதுதான் பிரச்சினை, அது அளந்து பார்த்த விஷயம். அமெரிக்காவில் டிக்கெட்டுகளை மறுவிற்பனை செய்யும் ஸ்டப்ஹப் தளத்தில் 2015இல் ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்குக் கட்டணம் சேர்த்த விலையை முதலிலேயே காட்டினார்கள். மீதிப் பேருக்குக் கடைசிப் பக்கத்தில்தான். கடைசியில் பார்த்தவர்கள் சுமார் 20 சதவீதம் கூடுதலாகச் செலவழித்தார்கள். வாங்கி முடித்தவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம், விலை உயர்ந்த இருக்கைகளைத் தேர்ந்தெடுத்தவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். இத்தனைக்கும் கட்டணத்தின் தொகை இரண்டு பக்கமும் ஒன்றே. காட்டிய நேரம் மட்டும்தான் வேறு. தேடி, படித்து, முகவரி போட்டு, மனசுக்குள் வாங்கியே முடித்த பிறகு 177 ரூபாய்க்காக மறுபடி முதலிலிருந்து தேட யாருக்குப் பொறுமை இருக்கு?

சரி, சட்டம் என்ன சொல்லுது? 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் ஒரு நல்ல வாசகம் வைத்திருக்கின்றன: பொருளின் மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும், கட்டாயக் கட்டணம் எது, விருப்பக் கட்டணம் எது என்று பிரித்தும் காட்ட வேண்டும். டெலிவரி, கையாளுதல், வரி எல்லாம் இதில் அடக்கம். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டங்களைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எல்லாம் சரி. அந்த ஒரே எண்ணை எந்தத் திரையில் காட்டணும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசித் திரையில் காட்டினாலும் 'காட்டியாச்சு'தான்.

அடுத்து 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்களை அறிவித்தது. பதின்மூன்று ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று, விலையைச் சொட்டுச் சொட்டாக இறக்குவது, அதாவது 'டிரிப் பிரைஸிங்': விலையின் பகுதிகளை முதலிலேயே வெளிப்படுத்தாமல் இருப்பது, அல்லது நைசாக இடையில் நுழைப்பது. என் மிக்ஸிக் கணக்கு அப்படியே இதற்குள் உட்காரும். இன்னொன்று, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது. இதற்கு ஒரு விலக்கு இருக்கு: வாங்கும் நேரத்தில் வெளிப்படையாகச் சொன்ன 'தேவையான கட்டணங்கள்' இதில் சேராது. தேவையான கட்டணம் என்றால் டெலிவரி, பரிசுப் பொட்டலம், வரி என்று அடுக்கிவிட்டு, கடைசியில் வெளிப்படையாகச் சொல்லப்படும் வேறு எந்தக் கட்டணமும் என்று முடிகிறது. இந்தக் கடைசி வாலில்தான் எனக்குச் சண்டை. 'பாதுகாப்பு உறுதி' என்று 29 ரூபாய்க்கு ஒரு பெயரைக் கண்டுபிடித்து, கடைசிப் பக்கத்தில் அச்சிட்டால், அதுவும் தேவையான கட்டணம் ஆகிவிடுமா? சொட்டு விலை பற்றிய பிரிவு ஆகாது என்கிறது; இந்த விலக்கைக் காட்டி ஆகும் என்று வாதாடவும் இடம் இருக்கு. ஒரே ஆவணத்துக்குள் ஒரு கை மூடிய கதவை இன்னொரு கை லேசாகத் திறந்து வைக்கிறது.

ஆனாலும் ஆணையம் சும்மா இருக்கவில்லை. 2025இல் குழந்தைகள் பொருள் விற்கும் ஃபர்ஸ்ட்கிரை தளத்துக்கு 2 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அந்த வழக்கின் கணக்கு ரொம்பத் தெளிவானது. பொருளின் மேல் எம்.ஆர்.பி. போட்டு, எல்லா வரிகளும் உட்பட என்று எழுதி, அதில் 27 சதவீதம் தள்ளுபடி என்று காட்டினார்கள். பணம் கட்டும்போது தள்ளுபடி விலை மேல் மறுபடி ஜி.எஸ்.டி. ஏறியது. ஆயிரம் ரூபாய்ப் பொருளை வைத்துப் போட்டுப் பாருங்க. 27 சதவீதம் போக 730. அதன் மேல் 12 சதவீத வரி 87 ரூபாய் 60 காசு. கொடுப்பது 817 ரூபாய் 60 காசு. ஆக உண்மைத் தள்ளுபடி 18 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். கடைசி விலை எம்.ஆர்.பி.யைத் தாண்டவே இல்லை என்பதையும் கவனியுங்க. கூடுதல் விலைக்கு விற்றார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் தப்பு, ஏன்னா வாங்குபவரை உள்ளே இழுத்த எண் பொய்.

இதைவிட எனக்குப் பிடித்த தீர்ப்பு ஒன்று ஆன்லைனே இல்லாதது. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் பிக் பஜார் துணிப்பை வழக்கில் தீர்ப்பு சொன்னது. பொருளெல்லாம் எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்த பிறகு, பைக்குத் தனிக் காசு என்பது முறையற்ற வணிகம் என்றது. பைக்குக் காசு வாங்குவது என்றால், கடைக்குள் நுழைவதற்கும் பொருளை எடுப்பதற்கும் முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பதுதான் அதன் சாரம். பணம் கட்டும் பக்கம் என்பது பில் கவுன்டர்தானே. கவுன்டரில் சொல்வது தாமதம் என்றால், கடைசித் திரையில் சொல்வதும் தாமதம்தான். மதுரையில் யாராவது இந்த மாதிரி ஒரு புகாரை எழுதினால், அடிப்படையாக வைக்க இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியவில்லை.

எழுதுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில் மட்டும் போதாது. பில்லில் கடைசி எண்தான் இருக்கும், புகாரோ முதல் எண்ணைப் பற்றியது. அதனால் பட்டியல், பொருளின் பக்கம், கூடை, பணம் கட்டும் பக்கம் என்று நான்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நேரம் தெரிகிற மாதிரி. திருப்பி அனுப்பும் நிபந்தனை இருக்கும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். திருப்பி அனுப்ப ஆகும் செலவு யாருடையது என்பது பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதணும். 48 மணி நேரத்தில் பெற்றதாகப் பதில், ஒரு மாதத்தில் தீர்வு என்பது விதி. நடக்கவில்லை என்றால் தேசிய உதவி எண் 1915. அதுவும் ஆகவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் பரவாயில்லை; 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போடணும்.

இதன் எல்லையும் தெரிந்ததுதான். 177 ரூபாய்க்கு யார் வாய்தா வாய்தாவாக அலைவார்கள்? அந்தக் கணக்கு தளங்களுக்கும் தெரியும். லட்சம் ஆர்டரில் பத்துப் பேர் புகார் கொடுத்தால் பத்துப் பேருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றவர்களிடம் தொடரலாம். ஒவ்வொருவராகச் சண்டை போட்டு அடைக்கிற ஓட்டை இது இல்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், தவிர்க்க முடியாத கட்டணம் முதலில் காட்டும் விலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம்ம 2020 விதியிலும் மாற்ற வேண்டியது அதிகம் இல்லை. 'மொத்த விலையை ஒரே எண்ணாக' என்பதற்குப் பக்கத்தில் 'விலை முதலில் தோன்றும் இடத்திலேயே' என்று சில வார்த்தைகள் சேர்த்தால் போதும். பின்கோடு தெரியாத இடத்தில் டெலிவரியை மட்டும் தனியாக விடலாம். என் மிக்ஸிக்கு அவர்களிடம் பின்கோடு இருந்தது.