முதியோருக்கான அறிவிப்பு: எழுத்து நடையா, பேச்சு நடையா?

மத்திய அரசு ஓய்வூதியம் பெறுவோர் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றைத் தர வேண்டும். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். தராவிட்டால் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும். பின்னர்ச் சான்று கொடுத்ததும் நிலுவையோடு சேர்த்துக் கிடைக்கும். இவ்வளவுதான் செய்தி. ஆனால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து, கிராமத்தில் இருக்கும் ஒரு முன்னாள் ரயில்வே ஊழியரின் மனைவியிடமோ தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரிடமோ சேர்வதற்குள் இது பல விதமாக மாறிவிடுகிறது. அந்த மாற்றம் எந்த நடையில் நேர்கிறது என்பதே இங்கே கேள்வி.

இத்தகைய அறிவிப்புகளில் பலவற்றின் தமிழ் வடிவம் சென்னையின் நடுப்பகுதியிலேயே உருவாகிறது. இந்தியன் வங்கியின் தலைமையகம் இராயப்பேட்டையில் இருக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் தலைமையகம் அண்ணா சாலையில் இருக்கிறது. மாநில அரசு ஓய்வூதியங்களைக் கவனிக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ குடியிருக்கும் மொழிபெயர்ப்பாளர் எழுதுவதைப் படிக்க வேண்டியவர் உசிலம்பட்டிக்கோ ஆலங்குளத்துக்கோ அருகில் இருக்கிறார்.

வழக்கமான அலுவலக நடையில் இந்தச் செய்தி ஏறத்தாழ இப்படி அமையும்: "ஓய்வூதியதாரர்கள் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் மாதத்தில் தங்களது உயிர்வாழ் சான்றிதழைச் சமர்ப்பிக்க வேண்டும் எனவும், தவறும்பட்சத்தில் டிசம்பர் மாதம் முதல் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும் எனவும், எண்பது வயது நிறைவடைந்தோர் அக்டோபர் 1 முதல் சமர்ப்பிக்கலாம் எனவும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

இதில் பிழை ஏதும் இல்லை. சொல்லுக்குச் சொல் பொறுப்பானது. நாளை வழக்கு வந்தாலும் நிற்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கிராமத்து முதியவர் பெரும்பாலும் இதைத் தாமே படிப்பதில்லை. பேத்தியோ தபால்காரரோ வாசிக்க அவர் கேட்கிறார். காதால் கேட்பவருக்கு வாக்கியத்தின் முற்றுவினை கடைசியில்தான் வருகிறது. அதுவரை மூன்று 'எனவும்'களையும் அவர் நினைவில் சுமக்க வேண்டும். அவற்றுள் காதில் நிற்பது 'நிறுத்தி' என்ற ஒரு சொல். பணம் அடியோடு போய்விட்டது என்ற அச்சம் அங்கிருந்து பிறக்கிறது. 'நிறுத்திவைத்தல்' தற்காலிகமானது என்பது எழுதியவருக்குத் தெரியும். கேட்பவருக்கு அது தெளிவாவதில்லை.

சொல் தேர்விலும் ஒரு தலைமுறை இடைவெளி உண்டு. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின், ஆட்சிச் சொற்கள் திட்டமிட்டுத் தமிழாக்கப்பட்டன. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார், தாலுகா வட்டம் ஆனது, தபால் அஞ்சல் ஆனது. அந்த முயற்சி தேவையானது. அதனால்தான் இன்று அரசாணையைத் தமிழிலேயே எழுத முடிகிறது. ஆனால் இன்று எண்பதைத் தொட்ட ஒருவர் தாலுகா ஆபீஸுக்கு மனு கொண்டுபோய், ரசீது வாங்கிப் பழகியவர். அவருக்கு ஓய்வூதியம் 'பென்ஷன்'; உயிர்வாழ் சான்றிதழ் 'லைஃப் சர்டிபிகேட்'. தூய சொல்லை மட்டும் தந்தால், தமக்குத் தெரிந்த ஒன்றையே அவர் தெரியாத ஒன்றாகக் கேட்கிறார்.

அப்படியானால் பேசுவதுபோலவே எழுதிவிடலாமே என்ற வாதம் எழுகிறது. "பென்ஷன் வாங்குறவங்க நவம்பர் மாசம் லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும்" என்பது முதல் பார்வையில் இதமாக இருக்கிறது. இதன் வலிமை ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் உண்மையானது. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் ஏ.டி.டி. 27 நெல்லைப் பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. குரலுக்குப் பேச்சு நடையே பொருந்தும்.

தாளில் அதுவே தடையாகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதியவர் எழுத்தைக் கற்றது பாடப்புத்தகத்திலும் நாளிதழிலும் நாட்காட்டியிலும். 'கொடுக்க வேண்டும்' என்ற உருவம் அவர் கண்ணுக்குப் பழகியது. 'குடுக்கணும்' என்பதை அவர் புதிதாகக் கூட்டிப் படிக்க வேண்டும். மேலும், யாருடைய பேச்சு? 'வாங்குறவங்க' என்பது சென்னையில் படித்தவர்களும் திரைப்படமும் பரப்பிய பொதுப்பேச்சு. மதுரைப் பக்கம் அது 'வாங்குறவுக' ஆகும். கொங்கு நாட்டில் 'குடுக்கணும்' 'குடுக்கோணும்' ஆகும். ஒரு வட்டாரத்தின் உச்சரிப்பை அச்சிட்டு எல்லா ஊருக்கும் அனுப்பினால் மற்றவர்களுக்கு அது நெருக்கமாக இராது. அரசுக் கடிதம் கொச்சையில் வந்தால், தம்மை மதித்து எழுதவில்லை என்று நினைக்கும் முதியவர்களும் உண்டு. மோசடிக் கடிதமோ என்று ஐயுறுபவர்களும் உண்டு. இந்த ஐயத்தை அலட்சியப்படுத்த முடியாது.

இந்த இரண்டுக்கும் இடையே தமிழில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. 1942இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், மக்கள் பேசும் சொற்களையே எடுத்து, அவற்றின் கொச்சையை நீக்கி எழுதும் நெறியைத் தம் செய்தியாளர்களுக்கு வகுத்தார். சொல்லும் வாக்கிய வரிசையும் பேச்சிலிருந்து வரும். விகுதி எழுத்திலிருந்து வரும். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட நாளிதழ் அது. கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேர எழுத வேண்டிய தேவை அதற்கும் இருந்தது.

அந்த முறையில் மேற்கண்ட அறிவிப்பு இப்படி மாறும்: "நீங்கள் பென்ஷன் வாங்குகிறீர்களா? நவம்பர் 1 முதல் 30 வரை உங்கள் லைஃப் சர்டிபிகேட்டை (உயிர்வாழ் சான்றிதழ்) வங்கியில் கொடுங்கள். 30ஆம் தேதியும் கொடுக்கலாம். உங்களுக்கு எண்பது வயது முடிந்திருந்தால் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் டிசம்பரிலிருந்து பென்ஷன் வராது. பிறகு கொடுத்தால், நின்ற மாதங்களின் பணமும் சேர்ந்து வரும்."

இங்கே இரண்டு இடங்கள் கவனிக்கத்தக்கவை. 'எண்பது ஆனவர்கள்' என்று எழுதியிருந்தால் பொருள் நழுவியிருக்கும்; 79 முடிந்து எண்பது நடப்பவரும் தம்மை அதில் சேர்த்துக்கொள்வார். 'முடிந்திருந்தால்' என்பது 'நிறைவடைந்த' என்பதற்குச் சமமான துல்லியம் உடையது, பேச்சிலும் உள்ளது. துல்லியம் செந்நடைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இங்கே தவறாகிறது. 'முப்பதாம் தேதிக்குள்' என்பதிலோ, அந்த நாள் சேருமா என்ற குழப்பம் எழுத்து நடையிலும் தீரவில்லை. தனி வாக்கியம்தான் தீர்க்கிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. எளிய வாக்கியங்கள் இடத்தை எடுக்கும். தபாலட்டையிலோ குறுஞ்செய்தியிலோ ஏதாவது ஒன்றை விட வேண்டியிருக்கும். பெரும்பாலும் விடுபடுவது நிலுவை கிடைக்கும் என்ற கடைசி வரி, அதாவது அச்சத்தைப் போக்கும் வரி. படிவத்தின் தலைப்பில் 'உயிர்வாழ் சான்றிதழ்' என்றே இருக்கும் என்பதால் அந்தச் சொல்லையும் அடைப்புக்குள்ளாவது வைத்தாக வேண்டும். கவுண்டரில் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அறிவிப்பு சரியாக அமைந்ததா என்பதை 'புரிந்ததா' என்று கேட்டு அறிய முடியாது. மரியாதைக்காகவே 'புரிஞ்சுதுப்பா' என்று பெரியவர் சொல்லிவிடுவார். ஒருமுறை உரக்க வாசித்துவிட்டு, எப்போது, எங்கே போவீர்கள், போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு 'பணம் போயிடும்' என்று பதில் வந்தால் திருத்த வேண்டியது அந்த வாக்கியமே.

நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பு, நீதிமன்ற அழைப்பாணை போன்றவற்றில் சட்டம் குறிக்கும் சொற்களை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை. அங்கே மூல வாசகத்தை அப்படியே வைத்து, இந்த நடையில் எழுதிய விளக்கத் தாளைத் தனியே இணைக்கலாம். அது விளக்கம் மட்டுமே, சட்டப்படி செல்லுபடியாவது மூல வாசகம்தான் என்பதைத் தாளின் முதல் வரியிலேயே அதே எளிய நடையில் சொல்லிவிட வேண்டும்.