நிறுத்தச் சொன்னா போதும், மிஸ்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் வகுப்பாசிரியைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது. இருவரின் ஒப்புதலோடு, பெயர்களை நீக்கித் தருகிறேன்:

“மிஸ், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. நான் குண்டுதான், எனக்கே தெரியும். ஆனா நான் பெஞ்ச்ல உக்காரும்போதெல்லாம் அவன் ‘பூகம்பம்’னு கத்துறான். மூணு வாரமா தினமும். எல்லாரும் சிரிக்கிறாங்க. நேத்து நீங்களும் சிரிச்சீங்க. அவனை அடிக்க வேண்டாம். கிளாஸ்ல என் பேரைச் சொல்ல வேண்டாம். நிறுத்தச் சொன்னா போதும்.”

‘நான் குண்டுதான்’ என்பதைத் தாழ்வு மனப்பான்மை என்று வாசிப்பது எளிது. ஆனால் அந்த வாக்கியம் ஒரு கதவைச் சாத்துகிறது. அது இல்லாவிட்டால், “நீ அழகாத்தான்மா இருக்கே” என்றோ, “ராத்திரி சோத்தைக் குறைச்சுக்கோ” என்றோ பதில் வந்திருக்கும். ஆறுதலும் அறிவுரையும் அவள் உடலைத்தான் பேசுபொருளாக்கும். அவள் பேச வந்தது அவனுடைய கத்தலைப் பற்றி.

‘பூகம்பம்’ அந்தப் பையனின் கண்டுபிடிப்பும் அல்ல. பருத்த உடல் திரையில் நுழைந்தாலே சிரிக்க வேண்டும் என்று தமிழ் சினிமா நம்மைப் பழக்கியிருக்கிறது. பிந்து கோஷின் உருவமே நகைச்சுவையாக்கப்பட்டது. கல்யாணம் என்ற நடிகருக்கு ‘குண்டு’ பெயரோடு ஒட்டிக்கொண்டது. பருத்த பெண்ணின் பக்கம் நிற்க வந்த ‘இஞ்சி இடுப்பழகி’யில்கூட (2015), அந்த வேடத்துக்காக அனுஷ்கா எடை கூட்டி நடித்தார். ஏற்கெனவே பருத்திருந்த ஒருத்திக்கு நாயகி இடம் கிடைக்கவில்லை. இப்படிப் பழகிய வகுப்பறையில் பையன் ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தால் போதும், சிரிப்பு தானாக வரும். ஆசிரியைக்கும் வந்தது.

அவள் வைக்கும் நிபந்தனைகள் அனுபவத்திலிருந்து பிறந்தவை. பையனை எழுப்பி எல்லோர் முன்னும் ‘சாரி’ சொல்ல வைத்தால், அந்தச் ‘சாரி’யே அடுத்த கேலியாகும். அவளை வேறு பெஞ்சுக்கு மாற்றினால், தண்டனை புகார் சொன்னவளுக்குப் போய்ச் சேரும்.

ஆசிரியை இந்த இரண்டையும் செய்யவில்லை. மதிய இடைவேளையில் அவனைத் தனியாக அழைத்தார். “கிண்டல் பண்ணாதே” என்று பொதுவாகச் சொன்னால், “நான் சும்மா சொன்னேன் மிஸ்” என்று நழுவ முடியும். அதனால், “பூகம்பம்கிற வார்த்தை இனி வரக் கூடாது” என்று அந்தச் சொல்லையே எடுத்துச் சொன்னார். அவன் நிறுத்தினான். பின்பெஞ்சில் இருவர் மெதுவாகத் தொடர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவளிடமே விசாரித்ததால்தான் அது தெரியவந்தது. அவர்களையும் தனித்தனியே அழைத்துப் பேசினார்.

இவ்வளவு சரியாகச் செய்தவர் அன்று அனுப்பிய பதில், “சரிம்மா, நான் பாத்துக்கறேன்” என்பது மட்டுமே. செய்தியிலேயே துணிச்சலான வாக்கியம் ‘நேத்து நீங்களும் சிரிச்சீங்க’. மதிப்பெண் போடுகிறவரிடம், குற்றம் சாட்டும் தொனியே இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறாள் ஒரு பதினான்கு வயதுப் பெண். தொந்தரவுக்கு அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். சிரித்ததற்கு யாரும் அவளிடம் கேட்கவில்லை.