ஓர் ஈட்டுக்கு ஆறு வடை

ஏர் ஃப்ரையர் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது நேரத்தைப் பற்றித்தான். வாணலியில் ஐந்து நிமிடத்தில் வேகிற மசால் வடை இதில் எத்தனை நிமிடத்தில் வேகும்? பதின்மூன்று, பதினான்கு நிமிடம் ஆகும். கேட்கிறவர்கள் முகம் வாடிவிடுகிறது. பெட்டியின் மேல் 'நேரம் மிச்சம்' என்று அச்சிட்டிருக்கிறதே என்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு மின்சார அவனோடு ஒப்பிட்டுப் போட்டது, எண்ணெய்ச் சட்டியோடு அல்ல. நம் உத்திரமேரூர்ப் பக்கத்து வீடுகளில் அவன் இருப்பது அபூர்வம். எண்ணெய்ச் சட்டி இல்லாத வீடு கிடையாது. அதனால் நமக்குத் தேவையான கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் பயன்படுத்துவது நான்கு லிட்டர் கொள்ளளவு, 1,500 வாட் திறன் கொண்ட, டிராயர் போல இழுத்துத் திறக்கிற வகை. மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை, பின்பக்கம் ஆவி வெளியேற ஒரு வாய். சூடான காற்றை வேகமாகச் சுழற்றுவதைத் தவிர இந்தக் கருவி வேறு எதையும் செய்வதில்லை. 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் இதை ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அங்கே அதற்கான முதல் வேலை உருளைக்கிழங்குச் சிப்ஸ். கடையில் உறைய வைத்து விற்கும் அந்தச் சிப்ஸ் தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரிக்கப்பட்டது. எண்ணெய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. காற்று அதை மறுபடி மொறுமொறுப்பாக்கினால் போதும். கருவியோடு வருகிற குறிப்புப் புத்தகத்தின் நேரங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பண்டங்களுக்கானவை. ஊறவைத்து அரைத்த கடலைப் பருப்புக்கு அவை பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதைப் புரிந்துகொண்டால் எந்தப் பலகாரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். 175 டிகிரிக்குக் காய்ந்த எண்ணெய் வடையின் எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. அதே சூட்டில் உள்ள காற்று தருகிற வெப்பம் அதில் பல மடங்கு குறைவு. மேலும், வடையின் மேல்புறத்தில் ஈரம் இருக்கிறவரை அதன் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதில் போய்விடும். மேல்புறம் காய்ந்த பிறகுதான் சூடு ஏறி, 140 டிகிரிக்கு மேல் சிவக்கத் தொடங்கும். எண்ணெயில் இந்தக் காய்தல் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. காற்றில் ஏழெட்டு நிமிடம் பிடிக்கிறது.

அப்படியானால் 200 டிகிரி வைத்து விரட்டலாமே என்று தோன்றும். மசால் வடையில் அது நடக்காது. வெளியே துருத்திக்கொண்டிருக்கிற வெங்காயமும் கறிவேப்பிலையும் முதலில் கருகும், ஓரம் கல்லாகும், நடுவில் பருப்பு பச்சை வாசனையோடு நிற்கும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் தடவியிருந்தால் அந்தச் சூட்டில் புகையும் வரும். எண்ணெயில் என்ன சூடோ கிட்டத்தட்ட அதே சூட்டை, 175 முதல் 180 வரை வைத்து, நேரத்தை இரண்டரை மடங்கு முதல் மூன்று மடங்காக ஆக்கிக்கொள்வதுதான் என் அனுபவத்தில் சரியாக வருகிறது. மின்சார அவனுக்கு எழுதிய குறிப்பு கையில் இருந்தால் கணக்கு தலைகீழ்: 200 டிகிரி, 25 நிமிடம் என்று இருந்தால் 180 டிகிரி, 19 அல்லது 20 நிமிடம். சூட்டில் இருபது டிகிரியும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கலாம். பெட்டியில் சொல்கிற மிச்சம் இதுதான்.

மசால் வடையை முழுதாகப் பார்ப்போம். 200 கிராம் கடலைப் பருப்பு, இரண்டு மணி நேர ஊறல். நீரை வடித்தபின் பருப்பைத் துணியில் பரப்பி ஒரு கால் மணி நேரம் விட வேண்டும். எண்ணெயில் பொரிக்கும்போது இதை யாரும் செய்வதில்லை, இங்கே இது கட்டாயம். தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, சோம்பு, பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு. கடைசியாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சுட வைத்து மாவிலேயே ஊற்றிப் பிசைய வேண்டும். சட்டியில் வெளியிலிருந்து வருகிற எண்ணெய் இங்கே இல்லாததால் உள்ளே கொடுத்தாக வேண்டும். அது இல்லாத வடை வாயில் வைத்தால் மாவாக உதிரும். வழக்கத்தைவிடச் சற்றுத் தடியாக, ஓரம் மெலியாமல் தட்ட வேண்டும். மெல்லிய ஓரம்தான் முதலில் காய்ந்து கெட்டியாகும்.

கருவியை 180 டிகிரியில் நான்கு நிமிடம் காயவிட்டு, வடைகளின் மேல் எண்ணெய் தடவி அடுக்கி, எட்டு நிமிடம். பிறகு திருப்பிப் போட்டு அடுத்த பக்கமும் தடவி, ஐந்து அல்லது ஆறு நிமிடம். முதல் எட்டு நிமிடத்துக்குள் திருப்பக் கூடாது. ஈரம் காயாத வடை கூடையோடு ஒட்டிக்கொண்டு பிய்யும். இரண்டாவது ஈட்டுக்குக் கருவி நன்றாகச் சூடேறி இருப்பதால் ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாகவே பார்க்கத் தொடங்கலாம்.

இந்த 200 கிராம் பருப்புக்குப் பதினைந்து வடை வரும். என் கூடை ஓர் ஈட்டுக்கு ஆறு வடைதான் தாங்கும். பதினைந்தையும் இரண்டு ஈட்டில் முடிக்கலாம் என்று நெருக்கினால் என்ன ஆகும் என்பதை வடையைவிடச் சேப்பங்கிழங்கு தெளிவாகக் காட்டுகிறது.

முக்கால் பதமாக வேகவைத்து உரித்த சேப்பங்கிழங்கு கால் கிலோ. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போட்டுப் புரட்டி, ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, 190 டிகிரியில் பதினாறு நிமிடம் வைத்தால் மேல்புறம் முறுகி, உள்ளே பஞ்சாக இருக்கும். அதே கூடையில் அரைக் கிலோவைக் கொட்டி, நேரத்தை இரட்டித்தாலும் அந்த வறுவல் வராது. மேலே உள்ளவை கருகும், கீழே உள்ளவை அவித்த கிழங்கு மாதிரி வழவழவென்று கிடக்கும்.

காரணம் இரண்டு. தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல், அதை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. கிழங்கு இரண்டு பங்கானால் போக்க வேண்டிய ஈரமும் இரண்டு பங்கு. கம்பிச்சுருளோ அதே 1,500 வாட்தான். அதனால் டயலில் 190 என்று இருந்தாலும் கிழங்கைச் சுற்றியுள்ள காற்று நெடுநேரம் அதற்குக் கீழேதான் இருக்கும். இரண்டாவது காரணம் வழி அடைபடுவது. காற்று கூடையின் ஓட்டை வழியாகப் புகுந்து, கிழங்கைச் சுற்றி ஓட வேண்டும். அடுக்கு அடுக்காகக் கிழங்கு கிடந்தால் ஒன்றையொன்று தொடுகிற முகங்களுக்குக் காற்று போகவே போகாது. அந்த இடுக்கில் ஆவி நின்று, இட்லிப் பானையில் நடக்கிற வேலை அங்கே நடக்கும். அரிசி மாவுப் பூச்சு அந்த ஆவியில் கஞ்சியாகிப் பசைபோல் ஒட்டும். அதன் பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் அது தோல் மாதிரி இழுபடுமே தவிர முறுகாது.

நெருக்கம் அதிகமாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஆறாவது நிமிடத்தில் டிராயரை இழுத்துப் பாருங்கள். குப்பென்று ஆவி வந்து மூக்குக்கண்ணாடி மங்கினால், கூடைக்கு அடியில் உள்ள தட்டில் நீர்த்துளிகள் நின்றால், பாதியை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். சரியான அளவில் இருந்தால் அந்த நேரத்தில் தட்டு காய்ந்திருக்கும், குலுக்கும்போது கிழங்கு கூடையில் கலகலவென்று சத்தம் போடும். கிழங்கு, கொத்தவரை, பாகற்காய் மாதிரி குலுக்க முடிந்தவற்றைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு நாலு நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கிச் சமாளிக்கலாம். வடை, மீன், கட்லெட் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே ஒரு விரல் போக வேண்டும்.

இதோடு நம் ஊர்ப்பக்கத்துக்கு மட்டுமான ஒரு கணக்கு சேர்கிறது. மின்னழுத்தம். கருவியின் 1,500 வாட் என்பது 230 வோல்ட் வரும்போதுதான். கம்பிச்சுருளின் திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். லைன் கடைசியில் இருக்கிற கிராமத்து வீட்டில், மோட்டாரும் விளக்கும் சேர்ந்து ஓடுகிற சாயங்காலத்தில் 190 வோல்ட்தான் வருகிறது என்றால் மிஞ்சுவது ஏறக்குறைய 1,020 வாட். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. விசிறியும் மெதுவாகச் சுற்றும். மதியம் பதினாறு நிமிடத்தில் முறுகிய கிழங்கு இரவு ஏழு மணிக்கு வெளிறிப்போய் வருவது இதனால்தான். அப்போது நேரத்தைக் கூட்டுவதைவிட அளவைக் குறைப்பதே பலன் தரும். கால் கிலோவுக்குப் பதில் 150 கிராம் போட்டால், குறைந்த வாட்டிலும் ஈரம் போய்ச் சேரும். பிளக் விஷயத்திலும் கவனம் வேண்டும். மிக்ஸி செருகுகிற சிறிய ஐந்து ஆம்பியர் பாயிண்டில் இதை மாட்டக் கூடாது. பெரிய பவர் பாயிண்ட்தான் வேண்டும். மின்வெட்டின்போது வீட்டுச் சாதாரண இன்வெர்ட்டர் இதைத் தாங்காது.

பக்கத்து வீட்டு அக்கா, "பஜ்ஜி வருமாங்க இதுல?" என்று கேட்டார். வராது. தோய்த்த மாவு கெட்டிப்படுவதற்கு எண்ணெயின் உடனடிச் சூடு வேண்டும். காற்றில் அது கூடை ஓட்டை வழியே ஒழுகிவிடும். மெதுவடையும் அப்படித்தான்; போண்டா, பூரி பற்றிப் பேச்சே இல்லை. அப்பளத்தை மட்டும் முயற்சி செய்யவே வேண்டாம். லேசான பண்டம் என்பதால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பிச்சுருளில் ஒட்டவைக்கும், தீயும். வருவது எது என்றால், மாவு பூசாத அல்லது உலர் மாவு தூவிய பண்டங்கள்: கிழங்கு வறுவல், வாழைக்காய் வறுவல், மசாலா தடவிய மீன் துண்டு, எலும்போடு கோழி. கோழிக்குத் தன் கொழுப்பே எண்ணெய் என்பதால் இந்தக் கருவியில் மிக நன்றாக வருவது அதுதான்.

என் தீர்ப்பு இது. மூன்று நான்கு பேர் இருக்கிற வீட்டில், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வறுவல் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரு வறுவலுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய்தான் செலவு, சட்டியில் மிஞ்சிய எண்ணெயை மறுபடி காய்ச்சுகிற பழக்கம் தானாக நின்றுவிடும். பத்துப் பேர் சேர்ந்து சாப்பிடுகிற வீடு, விருந்து, பண்டிகைப் பலகாரம் என்றால் நான்கு லிட்டர் கருவி போதாது. அங்கே எண்ணெய்ச் சட்டிதான் சரி. வாங்கும்போது லிட்டர் எண்ணிக்கையை நம்பி முடிவெடுக்காதீர்கள். கூடையை வெளியே எடுக்கச் சொல்லி அடிப்பரப்பில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஆழம் எவ்வளவு இருந்தாலும் வடை தங்குவது அடிப்பரப்பில் மட்டுமே.