முதல் இருக்கையில் ஏஸ்–ஜாக்

நல்லதண்ணி, மஸ்கெலியாப் பக்கம் 304 ஆடி வளர்ந்தவருக்கு ஜாக்கைக் கண்டாலே மனம் குளிரும். அங்கே ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11தான். அதே கண்ணோடு நோ லிமிட் ஹோல்டம் மேசைக்குப் போனால் கைக்காசு கரையும். இங்கே ஏஸ், ராஜா, ராணிக்குப் பிறகுதான் ஜாக். அதைவிட முக்கியம், அந்தக் கை எந்த இருக்கையில் வந்தது என்பது.

ஒன்பது பேர் மேசையை எடுத்துக்கொள்வோம். பிளைண்ட் 100, 200. ஆளுக்கு 20,000 ரூபாய். பிக் பிளைண்டுக்கு அடுத்த இருக்கையில், அதாவது முதலில் பேச வேண்டிய இடத்தில், வெவ்வேறு இனத்து ஏஸ்–ஜாக் வருகிறது. உங்களுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர் பேச வேண்டும். அவர்களில் ஒருவரிடமாவது ஏஸ்–ராஜா, ஏஸ்–ராணி, அல்லது ஜாக் முதல் ஏஸ் வரையிலான ஜோடி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. அதே கை டீலர் பட்டனில் வந்து, முன்னால் எல்லோரும் ஃபோல்ட் செய்துவிட்டால், மிச்சம் இருவர்தான். அப்போது அந்த வாய்ப்பு பதினைந்தில் ஒன்று.

முதல் இருக்கையிலிருந்து 600க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். பட்டனில் இருப்பவர் ஏஸ்–ராணியுடன் கால் செய்கிறார், பிளைண்டுகள் விலகுகின்றன. ஃப்ளாப்பில் ஏஸ், 7, 4. நீங்கள் 700 வைக்கிறீர்கள், அவர் கால். டர்னில் உதவாத சீட்டு. அவர் மனதில் என்ன என்று தெரியாமலே 1,800 வைக்கிறீர்கள், மறுபடி கால். ரிவரில் தயங்கி செக் செய்கிறீர்கள், அவர் 4,000 வைக்கிறார். ஏஸ் ஜோடியை விட மனமில்லாமல் கால் செய்தால் போனது 7,100.

இப்போது நீங்கள் பட்டனில். ஏஸ்–ராணி பிக் பிளைண்டில் இருக்கிறது, அவர் உங்கள் 600ஐ கால் மட்டும் செய்கிறார். ஃப்ளாப்பில் அவர் செக், நீங்கள் 700, அவர் கால். டர்னில் அவர் செக் செய்ததும் நீங்களும் செக் செய்து காசு ஏறாமல் நிறுத்திவிடலாம். ரிவரில் அவர் வைக்கும் 1,500ஐக் கொடுத்தாலும் இழப்பு 2,800. சீட்டும் தோல்வியும் ஒன்றே; கடைசியாகப் பேசும் உரிமைதான் மிச்சத்தைக் காப்பாற்றியது.

ஆகவே புதியவர் முதல் இருக்கையில் நூறு கைக்கு ஆறேழு ஆடினால் போதும்: 7க்கு மேற்பட்ட ஜோடிகள், ஏஸ்–ராஜா, ஏஸ்–ராணி, ஒரே இனத்து ஏஸ்–ஜாக், ராஜா–ராணி. பட்டனில், முன்னால் யாரும் நுழையாதபோது, நாற்பது கை வரை ரெய்ஸ் செய்யலாம். 304காரருக்குப் பிடித்த ஜாக்–ஒன்பது ஒரே இனமானால் அதற்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் முன்னாலிருந்து இறுக்கமான ஆட்டக்காரர் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால் இந்த நாற்பது செல்லாது. அப்போது பட்டனிலும் வெவ்வேறு இனத்து ஏஸ்–ஜாக்கை ஃபோல்ட் செய்வதே என் தெரிவு.

பலர் கவனிக்காமல் இழப்பது ஸ்மால் பிளைண்டில். பாதிக் காசு ஏற்கெனவே போட்டாயிற்று என்று கண்ட கையோடும் கால் செய்கிறார்கள். ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.