எண்ணின் பிறப்பிடம்: உசாத்துணைப் பட்டியல் பற்றி ஒரு நோக்கு

எமது மாணவர் ஆய்வேடுகளின் உசாத்துணைப் பட்டியல்களை நோக்குமிடத்து, நூல்களும் கட்டுரைகளும் ஒழுங்காக இடம்பெற, அரச ஆவணங்கள் மட்டும் ‘குடிசன மதிப்பு, 1981’, ‘வர்த்தமானி, 2019’ என ஒரு வரியில் முடிந்துவிடக் காண்கின்றோம். இதனைச் சிறு குறையெனக் கொள்வதற்கில்லை. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை யாது? அக்காலத்து அட்டவணை 830,552 என்கிறது. பிற்கால அட்டவணைகளோ, அதே ஆண்டுக்கு 738,788 எனக் காட்டுகின்றன. இரண்டும் ஒரே குடிசன மதிப்பின் எண்களே, இரண்டுமே சரியானவை. 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகியது. அதன்பின் வெளிவந்த அட்டவணைகள் பழைய எண்ணைப் புதிய எல்லைக்கேற்பப் பிரித்து, கிளிநொச்சிக்கு 91,764 பேரை ஒதுக்கின. இரண்டையும் கூட்டினால் பழைய எண் பிழையின்றிக் கிடைக்கும்.

இனி, 2012 ஆம் ஆண்டுக் கணிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகை 583,882. பழைய அட்டவணையோடு இதனை ஒப்பிடும் மாணவர் ஏறத்தாழ 30 சதவீத வீழ்ச்சியைக் காண்பார். எல்லை திருத்திய அட்டவணையைக் கொண்டவர் 21 சதவீதத்தையே காண்பார். போரும் இடப்பெயர்வும் விளைத்த இழப்பை அளவிடப் புகும் ஆய்விலே, கிளிநொச்சியில் வாழ்ந்தோரும் மறைந்தோராகக் கணக்கிடப்படுவர். இருவரும் ‘குடிசன மதிப்பு, 1981’ என்றே எழுதியிருப்பின், தவறு எங்கு நேர்ந்ததென்று வாசகர் எவ்வாறு அறிவார்?

ஆதலின், கணிப்பு நடந்த ஆண்டும் நூல் வெளிவந்த ஆண்டும் வேறென்பதை முதலில் உணர்தல் வேண்டும். பட்டியலில் ஆசிரியர் இடத்தில் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் பெயரும், அடுத்து வெளியீட்டு ஆண்டும், கணிப்பாண்டு அடங்கிய முழுத் தலைப்பும், வெளியீட்டு இடமும் வருதல் முறை. அட்டவணை எண்ணையும் பக்கத்தையும், எண் பயன்படும் இடத்திலேயே குறிப்பிடலாம். எல்லை மாறிய மாவட்டமாயின், எந்த எல்லைக்குரிய எண் என்பதை அட்டவணையின் அடியில் ஒரு வாக்கியத்திலே சொல்லிவிடுதல் நன்று.

வர்த்தமானிக்கும் இதுவே பொருந்தும். வாராந்த வர்த்தமானி பகுதிகளாகவும் பிரிவுகளாகவும் வெளிவருவதால் இலக்கம், திகதி என்பவற்றோடு பகுதியையும் பிரிவையும் தருதல் வேண்டும். அதிவிசேட வர்த்தமானியோ ஒரே வாரத்தில் பல வெளிவரக்கூடியது. 2153/12 என்பதில் முன்னது அவ்வாரத்தின் இலக்கம். பின்னது அவ்வாரத்து வரிசை. சாய்கோட்டின் பின்னுள்ள எண்ணை விட்டுவிட்டால், தேடுபவர் அவ்வாரத்து அறிவித்தல்கள் அனைத்தையும் புரட்ட நேரிடும்.

உசாத்துணை என்பது நாம் வாசித்தவற்றின் நிரல் மட்டுமன்று. நாம் கண்ட அதே பக்கத்தை வாசகரும் கண்டு எம்மைத் திருத்துவதற்கான வழியுமாகும். அவ்வழி அடைபட்ட ஆய்வேட்டில் எண்கள் எத்துணை நிறைந்திருப்பினும், அவற்றைச் சோதித்தறிய இயலாது.