கிணத்தடியைப் பார்க்கும் கமரா

"உங்க ஊர்ல ஓனர் கேமரா வச்சா கேக்க ஒரு சட்டம் இருக்கா, அண்ணா?" என்று சென்னையில் தங்கையின் கொழுந்தன் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அவர் சொல்ல வந்தது கல்கத்தா வழக்கை. ஒரே வீட்டில் வாழும் சகோதரர்களில் ஒருவர் குடியிருக்கும் பகுதிக்குள் மற்றவரின் சம்மதமில்லாமல் கமரா பூட்டினார். உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. 2025இல் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் சொன்னதே இதற்கு அடித்தளம்.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அது வாடகைக்காரரின் வழக்கல்ல. மாடிப்படியிலும் கேற்றிலும் இருக்கும் கமராவைப் பற்றி அது பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. எங்கள் இலங்கை அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியே எழுதப்படவில்லை என்பதும், 2022ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அமலாக்கம் தள்ளிப்போனது என்பதும் வேறு கதை. மானத்துக்குப் பங்கம் வந்தால் நட்டஈடு கேட்க ரோமன் டச்சுச் சட்டம் எங்களிடம் இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார்.

யாழ்ப்பாணத்தில் சிக்கல் வேறு இடத்தில். கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வளவுக்குள் இருக்கும் அனெக்ஸை வாடகைக்கு எடுத்திருந்தது. வீட்டுக்காரர் கனடாவில். தண்ணி மோட்டர் களவு போனபின் கூரை விளிம்பில் ஒரு கமரா பூட்டுவித்து, அங்கிருந்தே கைபேசியில் பார்த்தார். களவுக்குப் பயந்தது நியாயந்தான். ஆனால் 2.8 மில்லிமீற்றர் வில்லை நூறு பாகையளவு விரிவாகப் பார்க்கும். மோட்டருடன் கிணத்தடியும் அனெக்ஸ் வாசலும் சேர்ந்து விழுந்தன. கிணத்தடியில் குறுக்குக்கட்டோடு குளிக்கும் ஊர் இது. கூரையில்லாத குளியலறை அது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அதற்குத் தனிப் பிரிவு கிடையாது.

வழக்கில்லாமலே முடிந்தது. கமராவைப் படலைப் பக்கம் திருப்பினார்கள். அப்பவும் வாசலின் ஒரு மூலை தெரிந்ததால் பதிவுக் கருவியின் பட்டியலில் மறைப்புக் கட்டத்தை வரைந்தார்கள். அப்படி மறைத்த பகுதி பதிவாகாது. கைபேசித் திரையில் மட்டும் மறைத்தால் வன்தட்டில் படம் கிடக்கும். ஒலிவாங்கியையும் நிறுத்தச் சொன்னார்கள், விறாந்தையில் கதைப்பது கனடாவுக்குக் கேட்கத் தேவையில்லை. பிறகு பிள்ளையைக் கிணத்தடியில் நிற்கவிட்டு, "தெரியுதோ மாமா?" என்று வீடியோ அழைப்பில் கேட்டார்கள். பகலில் தெரியவில்லை. இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்திலும் பார்த்தார்கள்.

இதைச் சொன்னதும் கொழுந்தன், "அந்த மாமா திரும்பவும் கேமராவைத் திருப்பினா?" என்றார். ஒப்பந்தத்தில் கோணத்தையும் மறைப்பையும் ஒரு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றேன். அதை நான் வேறொரு சென்னைக்காரரிடம் கேட்டுத்தான் எழுதச் சொன்னேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.