ஒரு வாக்கிய இராஜினாமா

யாழ்ப்பாணத்தவர்க்குக் கண்டனம் எழுதுவது புதிதன்று. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலே மறுப்பும், மறுப்புக்கு மறுப்புமாகப் பிரசுரங்களைக் குவித்த மண் இது. ஆனால் பத்திரிகையாளன் ஒருவன் கொள்கை காரணமாகத் தன் பதவியைத் துறக்கும்போது எழுதவேண்டிய கடிதத்துக்கு மட்டும் நம்மிடம் தகுந்த நடை வளரவில்லை. ஒன்று, வெளியேறியவர் முதலாளியின் குலம் கோத்திரம்வரை இழுத்து வசைபாடுவார். அல்லது ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற இரண்டு சொற்களுக்குள் உண்மையைப் புதைத்துவிடுவார். முதலாவதில் கோபம் இருக்கிறது, கொள்கை தெரிவதில்லை. இரண்டாவதில் மரியாதை இருக்கிறது, பொய்யும் இருக்கிறது.

இவ்விரண்டுக்கும் புறம்பான ஓர் உதாரணத்தை நாம் நன்கறிந்த ஒரு பத்திரிகையிலேயே காணலாம். 1878-ல் சென்னையில் தோன்றிய ‘இந்து’ நாளிதழ், 1905-ல் கஸ்தூரிரங்க ஐயங்கார் வாங்கியதுமுதல் அக்குடும்பத்தின் உடைமை. 2011-ல் குடும்பத்தைச் சேராத சித்தார்த் வரதராஜன் அதன் பத்திராதிபரானார். 2013 அக்டோபர் 21-ம் தேதி, ஆசிரியப் பொறுப்பு மீண்டும் குடும்பத்தவர் கைக்கே செல்லவேண்டுமென இயக்குநர் சபை தீர்மானித்தது. அவருக்குக் கட்டுரையாளர் என்ற வேறொரு பதவி தரப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. அன்றே வெளியிட்ட ஒற்றை வாக்கியத்தின் சாரம் இவ்வளவுதான்: குடும்பமே நடத்தி, குடும்பமே ஆசிரியம் வகிக்கும் பத்திரிகையாக அதனை மீண்டும் ஆக்க உரிமையாளர் தீர்மானித்திருப்பதால், உடனடியாக விலகுகிறேன்.

இந்த வாக்கியத்தின் அமைப்பு கவனித்தற்குரியது. அதில் நிந்தைச் சொல் ஒன்றேனும் இல்லை. உரிமையாளரின் செயல் எதுவோ, அதை அவர்களே மறுக்க இயலாத சொற்களில் முதலில் வைக்கிறார். அதன் விளைவாகத் தம் செயலைப் பின்னால் வைக்கிறார். ‘ஆதலால்’ என்ற இணைப்பிலேயே கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. உடைமை வேறு, ஆசிரியம் வேறு என்று அவர் உபதேசிக்கவில்லை; இரண்டும் ஒன்றாகும் இடத்தில் தமக்கு இடமில்லை என்று மட்டும் உணர்த்துகிறார். பத்திரிகையின் புகழுக்கு இதனால் கீறல் விழவில்லை. மறுநாளும் அதைப் படிப்பவன் வெட்கப்பட வேண்டியதில்லை.

எனினும் இவ்வகை நாகரிகத்துக்கு ஓர் எல்லையுண்டு. நிறுவனத்தின் விழுமியங்களும் நடைமுறைகளும் மீறப்பட்டமையாலேயே மாற்றம் செய்தோம் என்பது உரிமையாளர் தரப்புக் கூற்று. எந்தச் செய்தி, எந்தத் தலையங்கம் என்று வாக்கியம் சொல்லாதபோது வாசகன் எதைக்கொண்டு தீர்ப்பளிப்பான்? சுருக்கம் அழகுதான், ஆனால் சாட்சியத்தின் இடத்தை அழகு நிரப்பமாட்டாது.

சாட்சியம் நிறைந்த மற்றொரு வழக்கு நான்காண்டுகளின் பின் நேர்ந்தது. அதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1949-ல் பம்பாயில் ‘எகனாமிக் வீக்லி’ என்ற வாரஇதழைத் தொடங்கியவர் சச்சின் சௌதுரி. அதன் உடைமை வணிகர் கையில் இருந்தது. உரிமையாளரோடு முரண்பட்டு 1965-ன் இறுதியில் அவர் அதைவிட்டு நீங்கினார். நண்பர்களும் அறிஞர்களும் பணந்திரட்டிக் கைகொடுக்க, 1966 ஆகஸ்டில் ‘எகனாமிக் அண்ட் பொலிற்றிக்கல் வீக்லி’ பிறந்தது. இம்முறை முதலாளி இல்லை. ‘சமீக்ஷா’ என்னும் அறக்கட்டளையே உடைமையாளர். பத்திராதிபருக்கு மேல் எந்த வணிகனின் கையும் நீளக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்.

அதே இதழின் பத்திராதிபராக 2016-ல் வந்தவர் பரஞ்சய் குஹா தாக்குர்த்தா. 2017 ஜூனில் அவரும் உடன் எழுதிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விசேட பொருளாதார வலயங்களுக்கான விதியில் அரசாங்கம் செய்த திருத்தத்தால் அதானி குழுமத்துக்கு ஏறக்குறைய 500 கோடி ரூபா சுங்கத்தீர்வையை மீளப்பெறும் வாய்ப்புக் கிட்டியது என்பது அதன் கூற்று. கம்பனி அதை மறுத்தது. சட்டத்தரணி மூலம் அறிவித்தல் அனுப்பியது. பத்திராதிபர் தாமே ஒரு சட்டத்தரணியை அமர்த்திப் பதிலனுப்பி, அறிவித்தலையும் பதிலையும் இதழின் இணையத்தளத்தில் பகிரங்கப்படுத்தினார். அறக்கட்டளையைக் கலந்துகொள்ளவில்லை.

ஜூலை 18-ம் தேதி டில்லியில் அறக்கட்டளை கூடியது. அங்கு தமக்கு இடப்பட்ட நிபந்தனைகளை அவர் பின்னர் வெளியிட்டார்: கட்டுரையைத் தளத்திலிருந்து உடனே நீக்கவேண்டும், அவருக்குத் துணையாக இணைப் பத்திராதிபர் ஒருவர் அமர்த்தப்படுவார், அவர் தம் பெயரில் இனி அவ்விதழில் எழுதலாகாது. கட்டுரை நீக்கப்பட்டது, அவரும் அன்றே விலகினார். வெளியழுத்தத்துக்கு நாம் பணியவில்லை, சட்டப் பதிலைத் தன்னிச்சையாக அனுப்பியதே பாரிய முறைகேடு என்று அறக்கட்டளை விளக்கமளித்தது.

இங்கே நான் அறக்கட்டளையை முற்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. வழக்கு வந்தால் நீதிமன்றில் நிற்கவேண்டியவர்களுள் அவர்களும் அடங்குவர். தம் பெயரால் போகும் பதில் தம்மைக் கேளாமற் போனதென்று வருந்த அவர்களுக்கு நியாயமுண்டு. ஆனால் அந்த நியாயம் பதிலைப் பற்றியது, கட்டுரையைப் பற்றியதன்று. கட்டுரையில் இன்ன வரி பிழை, இன்ன தொகை தவறு என்று காட்டியிருந்தால் திருத்தம் வெளியிடுவதே பத்திரிகை முறை. பிழை எதுவென்று வாசகனுக்குச் சொல்லாமலே முழுக்கட்டுரையையும் அகற்றுவது திருத்தமன்று. ஒரு பத்திராதிபன் தன் உதவியாளனின் பிரதியை வெட்டுவதற்கும், உடைமையாளர் பத்திராதிபனின் பிரதியை வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் துலங்குகிறது. முன்னது அச்சேறுமுன், காரணம் கூறி, பொருளை முன்னிட்டு நடப்பது. பின்னது பெரும்பாலும் அச்சேறியபின், வேறொரு குற்றத்தின் பெயரால் வருவது. நிர்வாகக் குறை ஒன்று உண்மையாகவே இருக்கும்போது, தலையீட்டை அதனோடு ஒட்டி வைத்துவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இராஜினாமா எழுதுபவன் முதலிற் செய்யவேண்டிய காரியம் அந்த ஒட்டைப் பிரிப்பதுதான். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னதால் தாக்குர்த்தாவின் விலகல் வாசகனுக்கு அதைச் சாத்தியமாக்கிற்று. இதழை வையாமலே இவ்வளவும் சொல்லமுடிந்தது.

நீக்கப்பட்ட கட்டுரையை மறுபிரசுரம் செய்த ‘த வயர்’ தளத்தை 2015-ல் நிறுவியவர்களுள் ஒருவர், மேலே சொன்ன ஒற்றை வாக்கியத்தை எழுதிய அதே வரதராஜன்.

நம்மூர்ப் பத்திரிகைச் சரித்திரம் பெரிதும் அறக்கட்டளை வகையைச் சேர்ந்தது. 1841-ன் ‘உதயதாரகை’ அமெரிக்க மிஷனுடையது. 1889-ன் ‘இந்துசாதனம்’ சைவபரிபாலன சபையுடையது. வணிகனின் தலையீடு பணக்கணக்கில் வெளிப்பட்டுவிடும். சபையின் தலையீடு தர்மத்தின் குரலில் வரும். வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து, பால்தேத்தண்ணி குடித்தபடி, “தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ” என்று சொல்வார்கள். அதை எதிர்த்துக் கடிதம் எழுதும் கை தயங்குவது இயல்பு.

எனக்கும் அது நேர்ந்தது. பல வருஷங்களுக்கு முன், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு வாரஇதழில், கோயிற் கிணற்றில் ஒரு பகுதியாருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டதுபற்றி நான் எழுதிய கட்டுரையின் கடைசி இரண்டு பந்திகள் எனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டன. நான் விலகினேன். கடிதத்தில் ‘குடும்ப நிலைமை காரணமாக’ என்று எழுதினேன். அந்தக் கிணற்றுச் சனங்களுள் ஒரு முதியவர் சில மாதங்களின் பின் சந்தையில் என்னைக் கண்டு, “வீட்டிலே இப்ப எல்லாரும் சுகந்தானே, ஐயா?” என்று அக்கறையோடு விசாரித்தார்.